தேடினால் வரக்கூடாத பெயர்

அந்த அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது காலை பத்து மணி இருக்கும். பலாலி வீதியில், திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி, ஒரு மருந்துக்கடையின் மேல்மாடிதான் எங்கள் அலுவலகம். மென்பொருள் செய்கிற இடத்துக்கு அதைப் பாவிக்கிறவர்கள் நேரில் வருவதில்லை. படியேறி வருபவர்கள் பெரும்பாலும் கீழே மருந்து கேட்டு வந்து வழி மாறியவர்கள். அவரையும் அப்படித்தான் நினைத்தேன்.

"மருந்துக்கடை கீழை அக்கா" என்றேன்.

"மருந்துக்கு வரேல்லை பிள்ளை. என்ரை பேரை அழிச்சுப்போட்டம் எண்டு எழுதினது நீங்கள்தானே?"

மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஒரு துணிப்பை, மற்றக் கையில் ஃபோன். ஃபோனை என்னிடம் நீட்டினார். முதலில் எங்கள் மின்னஞ்சலைக் காட்டினார். 'உங்கள் கணக்கும் அதனோடு சேர்ந்த அனைத்து விவரங்களும் நீக்கப்பட்டுவிட்டன.' அந்த வசனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்ததே நான்தான்.

அடுத்ததாக ஒரு படத்தைக் காட்டினார். அது எங்கள் செயலியின் திரை. தேடல் பெட்டியில் அவருடைய முழுப்பெயர். அதன் கீழே ஒரு சிறிய அட்டை: அவருடைய பெயர், 'தையல், மணப்பெண் உடை', வெள்ளைக் கவுண் ஒன்றின் படம். கடைசி வரியில் 'காங்கேசன்துறை'.

"இதை ஆர் எடுத்தது?"

"என்ரை மனுசன். எடுத்து என்ரை தமையனுக்கு அனுப்பியிருக்கிறார். கீழை என்ன எழுதியிருக்கு எண்டு வாசியுங்கோ."

வாசித்தேன். 'உன்ரை தங்கச்சி எங்கை இருக்கிறாள் எண்டு இனி நீ சொல்லத் தேவையில்லை' என்று எழுதியிருந்தது.

எங்கள் செயலி வீட்டிலிருந்து தொழில் செய்பவர்களுக்கானது. கேக் அடிப்பவர்கள், தைப்பவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் போடுவார்கள். தேவைப்படுபவர்கள் தேடிப் பிடிப்பார்கள். அக்கா குருநகரில் இருந்த காலத்தில் அதில் சேர்ந்திருக்கிறார். அடி தாங்க முடியாமல் ஒரு நாள் வீட்டை விட்டு வெளியேறி, காங்கேசன்துறைப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறார். தொழில் வேண்டுமே என்று செயலியில் ஊரை மாற்றியிருக்கிறார். நாலைந்து நாளில் பயம் பிடித்துவிட்டது. மனுசனுக்கும் இந்தச் செயலி தெரியும். உடனே கணக்கை அழிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அழித்துவிட்டோம் என்று நாங்கள் எழுதினோம். அதை நம்பி இரண்டு கிழமை நிம்மதியாக இருந்திருக்கிறார்.

நான் அந்த நிறுவனத்தில் சோதனை செய்பவள். மற்றவர்கள் எழுதிய நிரல் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. 'கணக்கை அழித்தல்' என்ற பகுதிக்கு 'சரி' போட்டது நான். எப்படிப் போட்டேன் என்பதும் நினைவிருந்தது. ஒரு பொய்க் கணக்கைத் திறந்தேன், அழிக்கும் பொத்தானை அழுத்தினேன், தரவுத்தளத்தில் ஆட்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன், அந்த வரி இல்லை. 'சரி' என்று குறித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அக்காவை முன்னறையில் இருத்திவிட்டு என் மேசைக்குப் போய் அவருடைய பெயரைத் தேடினேன். அந்த அட்டை வந்தது. அழுத்தினால் 'இந்தப் பக்கம் இல்லை' என்றது. ஆனால் ஊரின் பெயரைச் சொல்ல அட்டையே போதுமே. இன்னுமொன்றையும் கவனித்தேன். பெயரை முழுவதும் அடிக்கத் தேவையில்லை. முதல் மூன்று எழுத்து அடித்ததுமே பெட்டி அவருடைய பெயரைத் தானாக எடுத்துக் கொடுத்தது.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்த அண்ணையைக் கூப்பிட்டேன். ஐம்பது வயதை நெருங்கிய மனிதர், கொழும்பில் பல காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அந்தத் திரையைப் பார்த்தார். முன்னறையில் இருந்த அக்காவைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்.

"முதல்லை இந்த அட்டையை எடுங்கோ. ஏன் வந்தது எண்டு பிறகு பாப்பம்" என்றார்.

அழிக்கும் பகுதியை எழுதியவன் என்னோடு கம்பஸில் ஒரே வகுப்பில் படித்தவன். என் மேசைக்கு எதிர் மேசை. அவன் சேர்வரில் இறங்கி, தேடல் அட்டவணையில் அக்காவின் பெயர் இருந்த பதிவைக் கையாலேயே நீக்கினான். தேடல் அட்டவணை என்பது புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கும் சொற்பட்டியல் மாதிரி. தரவுத்தளத்தை ஒவ்வொரு தடவையும் முழுக்கப் புரட்டாமல், எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று உடனே சொல்வதற்காகத் தனியாக வைத்திருப்பது. அதற்குள் பெயர், ஊர், தொழில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இருக்கும்.

நான் மறுபடி தேடினேன். ஒன்றும் வரவில்லை.

முன்னறைக்குப் போய் "எடுத்திட்டம் அக்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "போன முறையும் அப்பிடித்தானே சொன்னனியள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

மேசைக்குத் திரும்பி வந்து சும்மா இருக்க முடியாமல் இன்னொரு தடவை தேடினேன். அட்டை திரும்பவும் வந்தது. அதே கவுண், அதே 'காங்கேசன்துறை'.

"வந்திட்டுது" என்றேன்.

"ஏலாது. இப்பத்தானே எடுத்தனான்."

"வந்து பார்."

அவன் எழும்பி வந்து பார்த்தான். தன் கதிரைக்குத் திரும்பிப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு நிரலை மேலிருந்து கீழாக வாசித்தான். ஐந்து நிமிடத்தில் "ஐயோ" என்றான்.

நடந்தது இதுதான். ஒருவர் சேரும்போது அவருடைய விவரம் ஆட்களின் பட்டியலில் ஒரு வரியாக விழும். அவர் தொழிலை விளம்பரம் செய்யும்போது விளம்பரங்களின் பட்டியலில் இன்னொரு வரி விழும். தேடும்போது வேகம் வேண்டும் என்பதற்காகப் பெயரையும் ஊரையும் அந்த இரண்டாவது வரியிலும் பிரதி பண்ணி வைத்திருந்தோம். கணக்கை அழித்தபோது முதல் வரி மட்டும் போனது. இரண்டாவது வரி ஆளில்லாமல் கிடந்தது. கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு தானியங்கி வேலை விளம்பரங்களின் பட்டியலை வாசித்துத் தேடல் அட்டவணையைப் புதுப்பிக்கும். நாங்கள் கையால் எடுத்ததை அது கடமை தவறாமல் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டது.

இன்னொரு பிழையும் இருந்தது. கணக்கை அழிக்கும்போது தேடல் அட்டவணைக்கும் 'இதை நீக்கு' என்று ஒரு செய்தி போகிறதுதான். ஆனால் அது அனுப்பியது ஆளின் இலக்கத்தை. அட்டவணையிலோ பதிவு விளம்பரத்தின் இலக்கத்தில் இருந்தது. 'அப்படி ஒன்றும் இங்கே இல்லை' என்று அட்டவணை பதில் சொன்னது. இல்லை என்றால் ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று எங்கள் நிரல் எடுத்துக்கொண்டு, வெற்றி என்று குறித்து, மின்னஞ்சலையும் அனுப்பிவிட்டது.

"நீ எப்பிடி இதைப் பிடிக்கேல்லை?" என்று அவன் கேட்டான். என்னைக் குற்றம் சாட்டக் கேட்டதல்ல. உண்மையிலேயே விளங்காமல் கேட்டான்.

"நான் சோதிச்ச கணக்கிலை விளம்பரம் ஒண்டும் போடேல்லை. இல்லாத ஒண்டு இல்லாமல் போட்டுதோ எண்டு பாத்திருக்கிறன்."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் பாரம் எனக்கு உறைத்தது.

அவன் தானியங்கி வேலையை நிறுத்தினான். விளம்பரங்களின் பட்டியலில் அக்காவின் வரியை நீக்கினான். தேடல் அட்டவணையிலும், எழுத்தை எடுத்துக் கொடுக்கிற பெட்டியின் பட்டியலிலும் நீக்கினான். தானியங்கி வேலையைத் திரும்ப ஓட விட்டோம். அது ஓடி முடியும்வரை மூன்று பேரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். முடிந்ததும் தேடினேன். இல்லை. மூன்று எழுத்து அடித்தேன். பெட்டி சும்மா இருந்தது. அண்ணை இன்னும் ஒரு தடவை ஓட விடச் சொன்னார். அதன் பிறகும் இல்லை.

"லொக்குகளையும் பாருங்கோ" என்றார் அண்ணை.

சேர்வர் தான் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் வரிவரியாக எழுதிவைக்கிற கோப்புத்தான் லொக். ஏதாவது பழுதானால் என்ன நடந்தது என்று பார்க்க உதவும். நண்பன் அக்காவின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து அன்றைய கோப்பில் தேடினான். ஒன்றும் இல்லை.

"பழைய கோப்புகள் அமுக்கி வைச்சிருக்கிறது. அதுக்குள்ளை உந்தக் கட்டளை பாக்காது" என்றேன். எனக்கு அது தெரிந்திருந்தது. போன வருடம் வேறொரு பழுதைத் தேடும்போது அப்படி ஏமாந்திருந்தேன்.

அமுக்கிய கோப்புகளுக்குள்ளும் தேடக்கூடிய கட்டளையைப் போட்டான். திரை நிறைய வரிகள் ஓடின. அக்கா ஊரை மாற்றிய அன்று அனுப்பிய விவரம் முழுவதும் அப்படியே அங்கே இருந்தது. பெயர், தொலைபேசி, வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர், 'கோயிலுக்குப் பின்னால் பச்சைக் கேற்' என்ற குறிப்புக்கூட. அதற்குக் கீழே, கணக்கை அழித்த நாளில், 'இன்ன பெயருடைய, இன்ன தொலைபேசியுடைய ஆள் அழிக்கப்பட்டார்' என்று ஒரு வரி. அழித்ததைச் சொல்ல வந்த வரியே அழிக்கச் சொன்னதைத் தூக்கி வைத்திருந்தது.

"அவவின்ரை பேராலையும் தேடு" என்றேன். அன்றைய கோப்பில் தேடினான். அப்போதுதான் அது வந்தது.

அன்று காலை யாரோ அவருடைய பெயரைத் தேடியிருந்தார்கள். ஏழு மணிக்கு ஒரு தடவை. எட்டரைக்கு. ஒன்பது ஐம்பதுக்கு. பிறகு பத்து இருபத்தைந்திலிருந்து அடுத்தடுத்துப் பல தடவை. கடைசித் தேடல் சில நிமிடங்களுக்கு முந்தியது.

"பத்து இருபத்தைஞ்சிலையிருந்து வந்ததெல்லாம் நான் தேடினது" என்றேன். என் கணக்கின் இலக்கம் அந்த வரிகளில் இருந்தது. அவரை எங்கேயும் இல்லாமல் செய்வதற்காக நான் அவருடைய பெயரை அடித்த ஒவ்வொரு தடவையும் லொக்கில் ஒரு புதுப் பிரதியை எழுதிவைத்திருந்தேன்.

"அப்ப மற்ற மூண்டும்?"

மற்ற மூன்றும் வேறு ஒரே கணக்கிலிருந்து வந்தவை. யாருடையது என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அண்ணை என்னைப் பார்த்தார். "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ, தங்கச்சி. என்னட்டை உவ மனம் விட்டுக் கதைக்கமாட்டா."

நான் முன்னறைக்குப் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். அட்டை ஏன் வந்தது, எடுத்த பிறகு ஏன் திரும்ப வந்தது, இன்று காலை அந்த மனிதர் மூன்று தடவை தேடியிருக்கிறார் என்பது வரை. அக்கா துணிப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டு இலக்கம் தெரிஞ்சிட்டுதோ?"

"இல்லை அக்கா. தேடினவருக்கு அந்த அட்டை மட்டும்தான் தெரியும். அதை அமத்திப் பாத்திருக்கிறார். பக்கம் இல்லை எண்டுதான் வந்திருக்கு. வீட்டு இலக்கம் எங்கடை சேர்வருக்குள்ளை ஒரு கோப்பிலை கிடந்தது. அதை வெளியாக்கள் பாக்க ஏலாது."

"உள்ளாக்கள்?"

"ஏழு பேருக்குப் பாக்கிற அனுமதி இருக்கு. நானும் அதிலை ஒராள்."

"ஏழு பேர்" என்று தனக்குள் சொன்னார். "அவருக்குக் காங்கேசன்துறை பெரிய இடமில்லை, பிள்ளை. ஒவ்வொரு கடையிலையும் நிண்டு கேப்பார். கேக்கக்கூடிய மனுசன்."

பின்னேரம் அறைக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்வது என் வேலையா என்று யோசிக்கவில்லை. அவர் தமையனுக்கு ஃபோன் எடுத்தார். தென்மராட்சியில் ஒரு சிநேகிதி இருப்பதாகவும் அங்கே போவதாகவும் முடிவாயிற்று. உடுப்புகளையும் தையல் மெசினையும் தமையன் எடுத்து வருவாராம். பேசி முடித்ததும் என்னைப் பார்த்து "இப்ப எல்லாத்தையும் அழியுங்கோ. ஒரு சொட்டும் இருக்கக்கூடாது" என்றார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். நண்பன் கட்டளையை எழுதத் தொடங்கிவிட்டான். அண்ணை கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அந்த மனுசன் தேடின வரிகளையும் அழிச்சால், பிறகு பொலிசிலை இவ என்னத்தைக் காட்டுவா?"

அவர் சொன்னது சரி. ஆனால் அக்கா சொன்னதும் சரி. அந்த வரிகளில் இருப்பதும் அவருடைய பெயர்தான்.

"அவவைத்தான் கேக்கவேணும்" என்றேன்.

இந்த முறை அண்ணையும் என்னோடு வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, உங்களைப் பற்றின எல்லாத்தையும் இண்டைக்கே எடுக்கிறம். ஆனா அவர் உங்களைத் தேடினதுக்கு மூண்டு வரி சாட்சி இருக்கு. அதையும் எடுக்கச் சொன்னால் எடுப்பம். வைச்சிருக்கச் சொன்னால் வேற ஆரும் பாக்க ஏலாத மாதிரிப் பூட்டி வைப்பம். பொலிஸோ நீதிமன்றமோ எழுத்திலை கேட்டால் குடுப்பம். உங்கடை கையிலை நேர தர ஏலாது. அது அந்த மனுசன்ரை கணக்கின்ரை விவரம்."

"அவரின்ரை விவரத்துக்கு மட்டும் அவ்வளவு காவலோ?"

அண்ணையின் முகம் சிவந்தது. "உங்கடைக்கும் இருந்திருக்கவேணும். இருக்கேல்லை. பிழை எங்கடை" என்றார்.

அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கத்திக்கொண்டு நின்றது. ஒரு பெண் இப்படியொரு முடிவை எடுக்க எங்கள் அலுவலகத்தின் பிளாஸ்ரிக் கதிரை ஏற்ற இடமாகத் தெரியவில்லை.

"அந்த மூண்டு வரியை வையுங்கோ. மிச்சம் எல்லாம் போகட்டும்" என்றார்.

அப்படியே செய்தோம். லொக்குகளில் இருந்த அவருடைய பெயர், தொலைபேசி, விலாசம் எல்லாவற்றையும் நீக்கிக் கோப்புகளைத் திருப்பி எழுதினோம். என் தேடல்களையும் சேர்த்துத்தான். மூன்று வரிகளை மட்டும் பூட்டிய ஒரு கோப்பில் வைத்து, அதைத் திறக்கும் உரிமையை அண்ணையோடு மட்டும் நிறுத்தினோம். மாலை நாலு மணிக்குத் தமையன் மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்கா படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "இன்னும் எங்கையும் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுவியளோ?" என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். எப்படிச் சொல்வது என்று கேட்டேன். தானே வருவதாகச் சொன்னார். புது இலக்கம் எதையும் எங்களிடம் தர அவர் விரும்பவில்லை.

அடுத்த சில நாட்கள் நான் வேறு வேலை செய்யவில்லை. உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கினேன். எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பெயர், யாருக்கும் இல்லாத ஒரு தொலைபேசி, இல்லாத ஒழுங்கையில் ஒரு வீடு. உண்மையான ஒருவரின் பெயரை இனித் தேடுவதில்லை என்று உறுதி எடுத்திருந்தேன். அந்தப் பெண்ணை எங்கள் செயலியின் சோதனைப் பிரதியில் சேர்த்தேன். அவளைக்கொண்டு விளம்பரம் போட வைத்தேன், ஊரை மாற்ற வைத்தேன், வாடிக்கையாளருக்குச் செய்தி எழுத வைத்தேன், படம் ஏற்ற வைத்தேன், வேண்டுமென்றே பிழை விட வைத்தேன்.

பிறகு, அழிப்பதற்கு முன்னால், எங்கெங்கே அவள் இருக்கிறாள் என்று தேடினேன். முன்பு நான் செய்யாமல் விட்டது இதைத்தான். முதலில் இருந்தாள் என்று கண்ணால் காணாமல், பிறகு இல்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு தாளில் இடங்களை எழுதிக்கொண்டே போனேன். தாளின் மறுபக்கமும் தேவைப்பட்டது. ஆட்களின் பட்டியல், விளம்பரங்கள், செய்திகள், தேடல் அட்டவணை, லொக், பழுதுகளைச் சேர்த்துவைக்கிற வேறொரு சேவை, மின்னஞ்சல் அனுப்புகிற வேறொரு நிறுவனம், மாதாந்த அறிக்கைக்காக யாரோ எடுத்துவைத்த ஒரு எக்செல் கோப்பு. நண்பன் திருத்திய நிரலால் அவளை அழித்தேன். தானியங்கி வேலைகள் எல்லாம் ஒரு சுற்று ஓடும்வரை பொறுத்தேன். திரும்பவும் ஒவ்வோர் இடமாகத் தேடினேன்.

பாதி இடங்களில் இன்னும் இருந்தாள்.

சில இடங்களில் இல்லை என்று நம்பி ஏமாந்தேன். தொலைபேசியைச் சைபரில் தொடங்கித் தேடினால் வராது. ஒரு பட்டியலில் அது நாட்டின் குறியீடான தொண்ணூற்று நாலில் தொடங்கிக் கிடந்தது. பெயரைத் தமிழில் தேடினால் வராது. மின்னஞ்சல் சேவையில் ஆங்கில எழுத்தில் இருந்தது. கவுணின் படம் பக்கத்திலிருந்து போய்விட்டது, ஆனால் படத்தின் நேர் முகவரியை அடித்தால் திறந்தது. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது நண்பன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு திருத்தினான். நான் பொய்ப் பெண்ணைப் புதிதாக உண்டாக்கி, முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாவது நாள் அவன் பொறுமையிழந்து "இனி எங்கை இருக்கப்போறாள், உன்ரை மண்டைக்குள்ளையோ?" என்றான்.

அவன் பகிடிக்குச் சொன்னது எனக்கு எங்கேயோ குத்தியது. என் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். அக்கா வந்த அன்று, பதற்றத்தில், அவர் காட்டிய படத்தை நான் என் ஃபோனால் எடுத்திருந்தேன். அதை அண்ணைக்கு அனுப்பியிருந்தேன். பழுதுகளைப் பதிகிற பலகையில் 'அவசரம்' என்று போட்டு அதை ஒட்டியும் வைத்திருந்தேன். அந்தப் பலகையை நிறுவனத்தில் உள்ள எல்லோரும் பார்க்கலாம். பெயர், ஊர், கவுண், கீழே அந்த மனிதர் எழுதிய வசனம். மூன்று நாளாக அது என்னால் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

அதை ஒவ்வோர் இடமாக எடுத்தேன். பலகையிலிருந்து, அண்ணையின் ஃபோனிலிருந்து, என் ஃபோனிலிருந்து, அது தானாகப் பிரதி பண்ணி வைத்திருந்த இணையக் கிடங்கிலிருந்து, அந்தக் கிடங்கின் குப்பைக் கூடையிலிருந்து.

எடுக்க முடியாத ஓர் இடம் இருந்தது. தினமும் தரவுத்தளம் முழுவதையும் அப்படியே ஒரு காப்புப் பிரதியாக எடுத்துப் பூட்டி வைப்போம். சேர்வர் எரிந்துபோனால் அதிலிருந்துதான் மீட்கவேண்டும். அதற்குள் கைவைத்து ஒருவரை மட்டும் வெட்டி எடுக்க முடியாது; கை வைத்தால் மற்றவர்களின் விவரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. முப்பத்தைந்து நாள் ஆனதும் ஒவ்வொரு பிரதியும் தானாக அழியும். அதுவரைக்கும் அக்கா அவற்றுக்குள் இருப்பார். அண்ணை ஒரு வழி சொன்னார். அழிக்கப்பட்டவர்களின் இலக்கத்தை மட்டும், பெயர் எதுவுமில்லாமல், ஒரு பட்டியலில் வைத்திருப்பது. பழைய பிரதியிலிருந்து மீட்கவேண்டி வந்தால், செயலியைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லோரையும் திரும்ப அழித்துவிட்டுத்தான் திறப்பது. அதையும் சொல்லோடு விடவில்லை. பொய்ப் பெண் இருந்த ஒரு பிரதியை உண்மையாகவே மீட்டோம். அவள் எழும்பி வந்தாள். பட்டியலை ஓடவிட்டோம். போனாள். அதன் பிறகே 'சரி' என்று குறித்தேன்.

அக்கா பத்து நாள் கழித்து வந்தார். இந்த முறை தேத்தண்ணியைக் குடித்தார். நான் ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருந்தேன்: எங்கெல்லாம் இருந்தது, எங்கெல்லாம் எடுத்தோம், காப்புப் பிரதிகளில் எந்தத் திகதிவரை இருக்கும், பூட்டிய கோப்பில் என்ன இருக்கிறது. நான் எடுத்த படத்தைப் பற்றியும் எழுதியிருந்தேன். அவர் ஆறுதலாக வாசித்தார். படத்தைப் பற்றிய வரியில் விரலை வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சிராது."

"ஓம்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "முந்தி எல்லாம் அழிச்சிட்டம் எண்டு எழுதினதை நம்பினன். இப்ப முழுக்க அழியேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். இதை நம்பிறன்" என்றார்.

பொலிசில் பெண்கள் சிறுவர் பிரிவில் முறைப்பாடு கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்தக் கிழமையே எங்களுக்கு எழுத்தில் கடிதம் வந்தது. அண்ணை மூன்று வரிகளையும் அச்செடுத்து, உறையில் ஒட்டி, தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. இரண்டு மாதம் கழித்து அலுவலகத் தொலைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. ஏதோ கடையிலிருந்து எடுத்த மாதிரிச் சத்தமாக இருந்தது.

"பிள்ளை, நான்தான், தைக்கிற அக்கா."

நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கிடைத்துவிட்டதாம். எங்கள் அலுவலகத்துக்கு அவர் வந்த அதே நாள் பின்னேரம் அந்த மனிதர் காங்கேசன்துறைக்குப் போயிருக்கிறார். மறுநாளும் போயிருக்கிறார். பேக்கரியிலும் தையல் சாமான் விற்கிற கடையிலும் கேட்டிருக்கிறார். மூன்றாவது நாள் ஒழுங்கையைக் கண்டுபிடித்து, பச்சைக் கேற்றைத் தட்டியிருக்கிறார். வீட்டுக்கார அம்மா, இங்கே அறை வாடகைக்கு விடுவதே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். மெசின் இருந்த இடத்தில் அப்போது தரையில் நூல் துண்டுகள்கூடக் கூட்டப்படாமல் கிடந்தனவாம்.

"அண்டைக்கு நீங்கள் போகவேண்டாம் எண்டு சொல்லியிராட்டில் நான் அங்கைதான் இருந்திருப்பன்" என்றார்.

அந்த மனிதரை அங்கே தேடிப் போக வைத்ததே எங்கள் அட்டைதான். நன்றி சொல்லும் ஒருவரிடம் அதைத் திரும்ப எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

"தையல் நடக்குதோ அக்கா?" என்று கேட்டேன்.

"நடக்குது. ரெண்டு கலியாணம் வந்திருக்கு. வாயாலை சொல்லி வாற ஆக்கள் போதும் எனக்கு."

எந்த ஊரில் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.